மாம்பழம், அன்னாசி வெட்டுறதும் வெட்டுனத கறுக்காம கொழகொழக்காம வைக்கிறதும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

சித்திரை பொறந்துட்டா ஆனி முடியுற வரைக்கும் எனக்கு வர்ற போன்ல பாதி பழம் வெட்டுறதப் பத்திதான் இருக்கும். பாளையங்கோட்டைல எங்க தெருவுல விசேஷம்னா பழம் வெட்டுற வேலை எங்கிட்டதான் வரும், அதனால மதினிமாரு, சித்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக எல்லாரும் ஒரே சந்தேகத்த திருப்பித் திருப்பி கேக்குதாவ. அவிய கேட்ட மாதிரியே கேள்விய போட்டு பதில எழுதி வச்சிருக்கேன். லேசான கேள்வி மொதல்ல, சிக்கலானது பெறவு வரும்.

மாம்பழத்துக்குள்ள கொட்டை எந்தப் பக்கமா இருக்குன்னு வெட்டுறதுக்கு முன்னாடியே எப்படி தெரிஞ்சிக்கிடறது? நான் வெட்டுனா கத்தி நேரா கொட்டைலதான் போய் நிக்குது

பழத்த காம்பு மேல பாத்த மாதிரி நிமித்தி வச்சு மேல இருந்து பாருங்க. முழு வட்டமா இருக்காது, ஒரு பக்கம் நீளமாவும் ஒரு பக்கம் ஒடுங்கியும் இருக்கும். கொட்டை தட்டையானது, அந்த நீளவாக்குலதான் படுத்திருக்கும். கிளிமூக்கா இருந்தா இன்னும் சுளுவு, அந்த மூக்கு இருக்குற விளிம்பும் அதுக்கு எதிர் விளிம்பும் கொட்டையோட ரெண்டு ஓரம். மூக்குக்கு நேரா கத்திய வைக்கக் கூடாது, மூக்குக்கு ரெண்டு பக்கத்துலயும் இருக்குற அகலமான கன்னம்தான் நாம எடுக்க வேண்டிய கதுப்பு.

காம்பு இருந்த புள்ளில இருந்து ஒரு சுண்டுவிரல் அகலத்துக்கும் கொஞ்சம் கொறைச்சலா தள்ளி கத்திய வச்சு நேரா கீழ எறக்குங்க. பாதில கத்தி நறநறன்னு உரசுச்சுன்னா கொட்டையத் தொட்டுட்டீங்கன்னு அர்த்தம், அப்ப வம்பு பண்ணி அமுக்காதீங்க, கத்திய லேசா வெளிப்பக்கம் சாய்ச்சு கொட்டையோட வளைவ ஒட்டியே எறக்கிருங்க. அதே மாதிரி மத்தப் பக்கம். கொட்டையச் சுத்தி இருக்குற ஓரத்த தனியா ரெண்டு பத்தையா எடுத்துக்கலாம், அது கொஞ்சம் நாராத்தான் இருக்கும், ஜூஸுக்கு வச்சிக்கிடுங்க.

இன்னொன்னு, காம்ப கிள்ளுன ஒடனே வர்ற பால் ஒதட்டுல பட்டா சில பேருக்கு புண்ணாயிரும். காம்ப எடுத்துட்டு பழத்த ஒரு தடவை கழுவி, தொடைச்சிட்டு பெறவு வெட்டுங்க.

கதுப்ப எடுத்துருதேன், ஆனா கட்டம் கட்டமா கீறி திருப்பும்போது தோலும் கிழிஞ்சு எல்லாம் கூழாயிருது, என்ன தப்பு?

ரெண்டு காரணம் இருக்கும். ஒண்ணு பழம் ரொம்ப கனிஞ்சிருக்கும், இன்னொன்னு கத்தி மொன்னையா இருக்கும். கட்டம் போடுறதுக்கு பழம் வாசம் வந்து காம்புப் பக்கம் லேசா அமுங்கணும், ஆனா நடுவுல கெட்டியா இருக்கணும். அமுக்குன எடத்துல குழி விழுந்து அப்படியே நிக்குதுன்னா அத கட்டம் போட நெனைக்காதீங்க, கரண்டியால சுரண்டி எடுத்து சாப்பிடற பழம் அது. நல்லா பழுத்த பழத்த வெட்டுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி முழுசா ஃபிரிட்ஜ்ல வச்சிட்டா சதை கொஞ்சம் இறுகும், வெட்டுறது நல்லா வரும்.

கதுப்ப கைல வச்சு கீறாதீங்க, பலகை மேல வச்சு கத்தி முனையால இழுத்த மாதிரி கீறுங்க, அமுக்குனா தோலு அறுந்துரும். தட்டுல அழகா வைக்கணும்னா கட்டம் போடாம கதுப்ப பலகைல கமத்திப் போட்டு தோல சீவிட்டு நீளப் பத்தையா போடுறதுதான் எனக்குப் பிடிச்சது. கட்டத்துல வெட்டுவாய் நெறைய, பத்தைல கம்மி. வெட்டுவாய் கம்மியா இருந்தா சாறு கம்மியா வடியும். கறுக்குறதும் கொழகொழக்குறதும் அந்த வடியுற சாறுல இருந்துதான் ஆரம்பிக்குது, இத கீழயும் நெறைய எடத்துல சொல்லுவேன்.

எங்க ஆச்சி காலத்துல எல்லாம் அருவாமனைலதான அறுத்தாவ, இப்ப நான் அறுத்தா மட்டும் ஏன் கறுப்பு கறுப்பா ஆவுது?

ஆச்சி அறுத்த ஒடனே பிள்ளைக சுத்தி உக்காந்து தின்னு முடிச்சிருப்பாவ, டப்பால போட்டு சாயங்காலம் வரைக்கும் வைக்கல. பழைய அருவாமனை வெறும் இரும்பு. மாங்காய், மாம்பழத்துல இருக்குற துவர்ப்புச் சத்து இரும்போட சேந்தா கருநீலமா ஒரு கறை புடிக்கும், அருவாமனை ஓரத்துலயே அது ஒட்டியிருக்குறத பாத்திருப்பீங்க. மாங்காய்க்கு இது அதிகம், பழத்துக்கு கம்மி. அந்தக் கறையும் காத்துபட்டு கறுக்குறதும் வேற வேற, ஆனா ரெண்டும் சேந்து வரும்போது பழம் ரொம்ப அழுக்கா தெரியும்.

வச்சிருந்து பரிமாறப் போறீங்கன்னா எவர்சில்வர் கத்தி நல்லா கூரா தீட்டி வச்சு வெட்டுங்க. கூரா இல்லாத கத்தி சதைய அறுக்காது, நசுக்கும்.

அன்னாசிய பாத்தாலே பயமா இருக்கு, எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

கொண்டையோட வாங்கிட்டு வந்தா அத எடுத்த ஒடனே திருகிப் போட்டுறாதீங்க, அது கைப்பிடி மாதிரி ஒதவும். பழத்த ஒரு தடவை நல்லா தேச்சு கழுவி துணியால தொடைச்சிருங்க, அந்தக் கண்ணுக்கு இடைல மண்ணும் தூசியும் இருக்கும், கத்தி அதத் தொட்டுட்டு சதைக்குள்ள போனா அழுக்கும் கூடவே போயிரும். அடிப்பக்கத்த அரை இஞ்ச் அறுத்துட்டு பலகைல நிமித்தி வச்சு, கொண்டையப் பிடிச்சுக்கிட்டு மேல இருந்து கீழ தோல சீவுங்க.

இங்கதான் எல்லாரும் தப்பு பண்ணுதாவ. கண்ணு போற அளவுக்கு ஆழமா சீவுனா பழத்துல பாதி குப்பைக்குப் போயிரும். நம்ம ஊருக்கு வர்ற அன்னாசி பெரும்பாலும் கேரளாவுல எர்ணாகுளம் பக்கம் வாழக்குளத்துல வெளையுற மொரீஷியஸ் ரகம், புளியரை செங்கோட்டை வழியா லாரில வரும், அதுல கண்ணு நல்லா ஆழமா இருக்கும். அதனால பச்சைத் தோல் மட்டும் போற மாதிரி மெலிசா சீவுங்க, கண்ணு பழுப்புப் புள்ளியா அப்படியே இருக்கட்டும். அத எடுக்குறது அடுத்த கேள்வில.

குற்றாலத்துல கடைக்காரர் சுத்திச் சுத்தி வாய்க்கா மாதிரி வெட்டுதாரே, அது அழகுக்கா?

பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா அது சதைய மிச்சம் பண்ணுற வேலை. தோல் சீவுன அன்னாசிய கூர்ந்து பாருங்க, கண்ணெல்லாம் தாறுமாறா இருக்காது, சாய்வா வரிசை கட்டி நிக்கும். நல்ல பெரிய பழத்துல பெரும்பாலும் ஒரு பக்கமா சாஞ்சா 8 வரிசை, எதிர்ப்பக்கமா சாஞ்சா 13 வரிசை எண்ணலாம். அந்த 8 வரிசைய பிடிச்சுக்கிட்டா வாய்க்காவும் எட்டே எட்டுதான்.

ஒரு வரிசைக் கண்ணுக்கு மேல்பக்கம் கத்திய சாய்ச்சு ஒரு கோடு, கீழ்பக்கம் எதிர்ச் சாய்வுல ஒரு கோடு, ரெண்டும் கண்ணுக்கு அடில போய் சேரணும். ஒரு நீள நாடா மாதிரி கண்ணெல்லாம் ஒண்ணா கழண்டு வந்துரும். பழத்த திருப்பி அடுத்த வரிசை. மொத தடவை பத்து நிமிஷம் ஆவும், நாலு பழம் வெட்டுனா கை பழகிரும். ஆழமா போகணும்னு இல்ல, கண்ணோட வேர் பழுப்பா தெரியுற வரைக்கும் போனா போதும்.

நடுத்தண்ட தூரப் போடணுமா? துண்டு எப்படி போட்டா எல்லாருக்கும் இனிப்பா கெடைக்கும்?

தண்டு நாராவும் சப்புன்னும் இருக்கும், விருந்துத் தட்டுல வைக்காதீங்க, வீட்டுல ரசத்துல போட்டா நல்லா இருக்கும். இனிப்பு விஷயம் நல்ல கேள்வி. அன்னாசில அடிப்பக்கம்தான் மொதல்ல பழுக்கும், அதனால அடி இனிப்பு, கொண்டைப் பக்கம் புளிப்பு. வட்ட வில்லையா வெட்டுனா ஒருத்தருக்கு கற்கண்டும் இன்னொருத்தருக்கு புளியும் போகும். நெட்டுவாக்குல நாலா பொளந்து, தண்ட சீவிட்டு, ஒவ்வொரு கால் பாகத்தையும் நெட்டுவாக்குலயே ரெண்டு மூணு கீத்தா போட்டுட்டா ஒவ்வொரு கீத்துலயும் அடியும் நுனியும் இருக்கும்.

புளிப்பா வாங்கிட்டு வந்து பழுக்கட்டும்னு நாலு நாள் வச்சா மாம்பழம் பழுக்கும், அன்னாசி பழுக்காது. மஞ்சளாவும் மெதுவாவும் ஆகும், ஆனா செடில இருந்து அறுத்தப்ப என்ன இனிப்போ அதுக்கு மேல ஏறாது. வாங்கும்போதே அடில மோந்து பாருங்க.

வெட்டுன மாம்பழம் ஏன் கறுக்குது? அன்னாசி அப்படி கறுக்க மாட்டேங்குதே

பழத்தோட சதைல சின்னச் சின்ன அறை மாதிரி இருக்கும். துவர்ப்புச் சத்து ஒரு அறைல, அத கறுப்பாக்குற என்சைம் இன்னொரு அறைல. கத்தி பட்டு சுவர் ஒடைஞ்சதும் ரெண்டும் கலந்து, வெளிய காத்துல இருக்குற ஆக்ஸிஜனும் சேந்து பழுப்பு நெறமா மாறும். அந்த என்சைம் பேரு பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ். வாழைக்கா நறுக்குனா கறுக்குறதும் இதே கதைதான். அதனாலதான் மொன்னைக் கத்தியால நசுக்குன பழம் சீக்கிரம் கறுக்குது, அடிபட்ட எடமும் மொதல்ல கறுக்குது.

அன்னாசில புளிப்பு அதிகம், அந்தப் புளிப்புல இந்த என்சைம் மந்தமாயிரும், வைட்டமின் சி வேற இருக்கு. அதனால அன்னாசி கறுக்குறதப் பத்தி ரொம்ப கவலைப்பட வேண்டாம். ஆனா அதுல சாறு நெறைய வடியும், சர்க்கரையும் புளிப்பும் கலந்த அந்த சாறு ஈஸ்ட்டுக்கு ரொம்பப் பிடிக்கும். மாம்பழம் காத்துபட்டு கெடும், அன்னாசி அதோட சாறாலயே கெடும். இந்த ஒரு வித்தியாசத்த மனசுல வச்சிக்கிட்டா கீழ நான் சொல்லுறது எல்லாம் லேசா புரிஞ்சிரும்.

எலுமிச்சம்பழத் தண்ணில போட்டு வச்சேன், கறுக்கல, ஆனா சாயங்காலம் எல்லாம் கொழகொழன்னு ஆயிருச்சு, ஏன்?

இந்தத் தப்ப நானும் பண்ணியிருக்கேன். மொத தடவை பெரிய விசேஷத்துக்கு வெட்டும்போது மாம்பழத் துண்ட எலுமிச்சைத் தண்ணிலயே ஊறப் போட்டு டப்பாவ மூடிட்டேன். பழுத்த மாம்பழம் ஆப்பிள் மாதிரி கெட்டி கெடையாது, தண்ணில கெடந்தா ஓரமெல்லாம் கரைஞ்சு சாறும் தண்ணியும் கலந்து ஒரு கூழா நிக்கும், அதுல கிருமி நல்லா வளரும். எலுமிச்சை கறுக்குறத நிப்பாட்டும், கெட்டுப்போறத நிப்பாட்டாது, ரெண்டும் வேற.

பழுத்த மாம்பழத்துக்கு தண்ணியே வேண்டாம். அரைக் கிலோ துண்டுக்கு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, வெதைய வடிகட்டிட்டு அகலத் தாம்பாளத்துல பரத்துன துண்டு மேல விரலால தெளிச்சு ஒரு தடவை பைய பெரட்டுங்க. புளியங்குடி எலுமிச்சை நல்லா சாறா இருக்கும், சின்னப் பழமே ஒண்ணரைக் கிலோவுக்கு காணும். இதுக்கு மேல ஊத்துனா மாம்பழ ருசி போயிரும். மாங்காப் பத்தை, ஆப்பிள், கொய்யா மாதிரி கெட்டியா இருக்குறதுக்குத்தான் தண்ணி முக்குறது. ஒரு லிட்டர் தண்ணில ரெண்டு மேசைக்கரண்டி சாறு, ரெண்டு நிமிஷம் முக்கி எடுத்து, வடிச்சு, துணில ஒத்தி எடுத்துரணும்.

அன்னாசிக்கு எலுமிச்சை தேவையே இல்ல. அதுல ஏற்கெனவே புளிப்பு இருக்கு, ஈஸ்ட்டு புளிப்புக்குப் பயப்படுறதும் இல்ல.

அன்னாசிய உப்புத் தண்ணில போடணும்னு சொல்லுதாவளே, நெசமா? எனக்கு தின்னா நாக்கெல்லாம் அறுக்குது

நாக்க அறுக்குறதுக்கு அதுல இருக்குற ப்ரோமிலின்ங்கிற என்சைம் ஒரு காரணம், அது புரதத்த கரைக்கும், நாக்கோட மேல்தோல் புரதம்தான. ஊசி மாதிரி நுண்ணிய படிகமும் இருக்கு, புளிப்பும் சேந்துக்கிடும். ஒரு டம்ளர் தண்ணிக்கு கால் டீஸ்பூன் உப்பு போட்டு கீத்த அஞ்சு நிமிஷம் வச்சு எடுத்தா வெட்டுவாய்ல இருக்குற சாறு கழுவிப் போகும், உப்பு புளிப்பையும் அடக்கிக் காட்டும், அதனால கொஞ்சம் எதமா இருக்கும். முழுசா போகாது. ப்ரோமிலின் போகணும்னா சூடு படணும், கேசரில போட்ட அன்னாசி யாரு நாக்கையும் அறுக்காது.

வச்சிருந்து பரிமாற வெட்டுறீங்கன்னா உப்புத் தண்ணிய நான் தவிர்ப்பேன், ஈரம் ஏறும். ஒடனே தின்னுறதுக்கு மட்டும் செய்யுங்க. உப்பு, மொளகாப் பொடி, சீனி எது தூவுனாலும் தட்டுல வைக்கும்போது தூவுங்க, முன்னாடியே தூவுனா உள்ள இருக்குற தண்ணிய இழுத்து வெளிய கொண்டாந்துரும், அரை மணி நேரத்துல டப்பா அடில குளம் கட்டும்.

ஃபிரிட்ஜ்லதான வச்சேன், மறுநாளே தண்ணி விட்டு வழுவழுன்னு ஆவுதே, எப்படி வைக்கணும்?

மொதல்ல டப்பா. ஆழமான சம்படத்துல ரொப்பி வச்சா அடில இருக்குற துண்டு மேல இருக்குற எடைல நசுங்கி சாறு விடும், அந்த சாறுலயே ஊறும். அகலமா, உயரம் கம்மியா இருக்குற டப்பால அதிகம் போனா ரெண்டு அடுக்கு போடுங்க. அன்னாசிக்கு அடில ஒரு சின்ன ஓட்டைத் தட்டோ வடிதட்டோ வச்சு அதுக்கு மேல கீத்த அடுக்குனா வடியுற சாறு கீழ போயிரும், பழம் மேல காஞ்சு நிக்கும். மாம்பழத்துக்கு அடில டிஷ்யூ காகிதம் ஒண்ணு விரிச்சா போதும், மேல மூடி இறுக்கமா இருக்கணும், காத்து எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது.

பெறவு எங்க வைக்கிறோம்ங்கறது. கதவுல வைக்காதீங்க, தெறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். உள்பக்கம், 4 டிகிரி கிட்ட இருக்குற தட்டுல வைங்க. எடுக்கும்போது கை போடாதீங்க, காஞ்ச கரண்டி. இப்படி வச்சா மாம்பழம் ரெண்டு நாள் நல்லா இருக்கும், மூணாம் நாள் ருசி எறங்கும். அன்னாசி மூணு நாலு நாள் தாங்கும். வெட்டுன பழத்த கழுவுறது மட்டும் வேண்டவே வேண்டாம், கழுவுறது எல்லாம் தோலோட இருக்கும்போதே முடிஞ்சிரணும்.

வெளிய எவ்வளவு நேரம் வைக்கலாம்? பிள்ளைக்கு ஸ்கூலுக்கு டப்பால குடுத்து விடலாமா?

பொதுவா வெட்டுன பழம் ரெண்டு மணி நேரம்னு சொல்லுவாங்க, வெளிய 32 டிகிரிக்கு மேல இருந்தா ஒரு மணி நேரம். நம்ம ஊர்ல சித்திரை வைகாசில வெயில பத்தி சொல்ல வேண்டியதில்ல, அதனால ஒரு மணி நேரம்னே கணக்கு வச்சிக்கிடுங்க.

காலைல ஏழரைக்கு கட்டுன டப்பாவ பிள்ளை பதினொரு மணிக்குத்தான் தெறக்கும்னா மாம்பழத் துண்டு வேண்டாம், தோல் உரிச்சு தின்னுற வாழப்பழம் குடுத்து விடுங்க. கண்டிப்பா குடுக்கணும்னா ராத்திரியே வெட்டி ஃபிரிட்ஜ்ல நல்லா குளிர வச்ச அன்னாசிய, சின்ன ஐஸ் பை ஒண்ணு பக்கத்துல வச்சு, கனத்த பைக்குள்ள குடுங்க.

25 பேரு வாராவ, மத்தியானம் சாப்பாட்டுக்கு வெட்டி வைக்கணும், எப்ப வெட்ட, எவ்வளவு வாங்க?

போன வருஷம் ஆனித் தேர் பாக்க எங்க வீட்டுக்கு சொந்தமெல்லாம் வந்தப்ப சரியா 25 பேரு, அந்தக் கணக்க அப்படியே சொல்லுதேன். ஆளுக்கு 120 கிராம் கிட்ட வந்தா சாப்பாட்டுக்குப் பெறவு போதும், அப்ப மொத்தம் மூணு கிலோ வெட்டுன பழம். ஒரு மாம்பழம் 350 கிராம் இருந்தா தோல் கொட்டை போக 220 கிராம் கிட்ட நிக்கும், எட்டுப் பழத்துல ஒண்ணே முக்கால் கிலோ. அன்னாசி ஒண்ணே கால் கிலோ பழம்னா அதுல பாதிதான் தட்டுக்கு வரும், ரெண்டு வாங்குனேன். ஒரு மாம்பழம் கூட வாங்குனேன், உள்ள எது கெட்டிருக்கும்னு வெளிய தெரியாது.

முந்தின நாள் ராத்திரியே எல்லாத்தையும் கழுவி துணி விரிச்சு காய வச்சாச்சு. காலைல ஆறு மணிக்கு அன்னாசி, ஏன்னா அது தாங்கும். கீத்த வடிதட்டுல அடுக்கி ஃபிரிட்ஜ்ல. எட்டு மணிக்கு முழு மாம்பழத்த ஃபிரிட்ஜ்ல வச்சேன், பத்தரைக்கு எடுத்து வெட்டி, எலுமிச்சை தெளிச்சு, ரெண்டு அகல டப்பால தனியா வச்சேன். பன்னெண்டரைக்கு மொதப் பந்தி, மொத்தத்தையும் வெளிய எடுக்கல, பந்திக்கு ஒரு டப்பா. ரெண்டாம் பந்திக்கு ஒண்ணே காலுக்கு எடுத்தப்பவும் வெட்டுன மாதிரியே மஞ்சளா இருந்துச்சு. தட்டுல வச்சு கூடத்துல பரத்தி வச்சிருந்தா ரெண்டாம் பந்திக்கு அது கெடைச்சிருக்காது.

மாம்பழத்தையும் அன்னாசியையும் ஒண்ணா கலந்து வச்சிட்டா வேலை மிச்சம்தான? கஸ்டர்டுலயும் போடலாமா?

பரிமாறுறப்ப கலந்துக்கிடுங்க. முன்னாடியே கலந்தா அன்னாசிச் சாறு மாம்பழத்துல ஏறி ரெண்டும் ஒரே கொழகொழப்பா ஆயிரும். அன்னாசிச் சாறு பட்ட மாம்பழம் கறுக்காதுங்கறது உண்மைதான், ஆனா ஈரம் அதுக்கு மேல கெடுதல் பண்ணிரும்.

கஸ்டர்டு, பால், தயிர் எதுலயும் பச்சை அன்னாசிய போட்டு வைக்காதீங்க. மேல சொன்ன ப்ரோமிலின் பாலுல இருக்குற புரதத்த ஒடைச்சு, கொஞ்ச நேரத்துல கசக்க வச்சிரும். நெறைய பேரு பால் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சு கொட்டிருதாவ. ஜெலட்டின் ஜெல்லியும் இதனாலதான் உறையாது, கடல்பாசில செஞ்சா உறையும், ஏன்னா கடல்பாசி புரதம் கெடையாது. அன்னாசித் துண்ட சீனி போட்டு அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு ஆற வச்சு சேத்தீங்கன்னா கஸ்டர்டும் கசக்காது.

வெளிய நல்லாத்தான் இருந்துச்சு, வெட்டுன ஒடனே உள்ள கறுப்பா இருக்கு, இது எப்படி? கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

பெரும்பாலும் அவருக்கும் தெரிஞ்சிருக்காது. அன்னாசில நடுத்தண்டு ஓரமா பழுப்பா நீர் கோத்த மாதிரி இருந்தா அது குளிர் தாக்குனது. முழு அன்னாசிய ரொம்பக் குளிர்ல நாள் கணக்குல வச்சிட்டு வெளிய எடுத்தா உள்ள கறுக்கும், தோல்ல ஒண்ணும் தெரியாது. வீட்டுலயும் முழு அன்னாசிய வாரக்கணக்குல ஃபிரிட்ஜ்ல போடாதீங்க, வெட்டிட்டு வைங்க. மாம்பழமும் அப்படித்தான், பழுக்காத காய 13 டிகிரிக்கு கீழ வச்சா தோல் சாம்பல் பூத்து, பெறவு வெளிய வச்சாலும் சரியா பழுக்காது. பழுத்த பெறவு ரெண்டு மூணு நாள் வைக்கலாம்.

நீலம் மாம்பழத்துல சில நேரம் கொட்டைக்குள்ள ஒரு கறுப்பு வண்டு இருக்கும், பூவுலயிருந்து பிஞ்சு வந்தப்பவே முட்டை போட்டு உள்ள வளந்தது. வண்டு கொட்டைக்குள்ளயே இருந்து சதை நல்ல நெறமா, நல்ல வாசமா இருந்துச்சுன்னா சதைய தாராளமா சாப்பிடலாம். வண்டு வெளிய வர துளைச்ச வழி இருந்தா அந்தப் பக்கத்த விட்டுருங்க.

கறுத்துப் போச்சுன்னா கெட்டுப் போச்சுன்னு அர்த்தமா? எதத் தின்னலாம், எதத் தூரப் போட?

மேல்வாட்டுல பழுப்பு மட்டும் ஏறி, வாசம் மாறாம, தொட்டா கெட்டியா இருந்தா அது நான் மேல சொன்ன என்சைம் வேலை, தின்னலாம், ருசி கொஞ்சம் மந்தமா இருக்கும் அவ்வளவுதான். விரல வச்சு எடுத்தா துண்டுக்கும் விரலுக்கும் இடைல நூல் மாதிரி இழுத்துச்சுன்னா, புளிச்ச வாடை வந்துச்சுன்னா அது கிருமி, அந்த டப்பா முழுசும் போகணும். ஒரு துண்ட மட்டும் எடுத்துப் போட்டுட்டு மிச்சத்த கழுவி சாப்பிடாதீங்க, சாறு வழியா எல்லாத்துலயும் பரவியிருக்கும்.

அன்னாசிக்கு அடையாளம் வேற. சாறுல சின்னச் சின்ன நொர கட்டும், மூடியத் தெறந்தா டுஸ்ஸுன்னு காத்து வரும், கள்ளு மாதிரி வாடை, நாக்குல வச்சா சோடா மாதிரி சுருசுருன்னு இருக்கும். அன்னாசின்னா அப்படித்தான் இருக்கும்னு நெனைச்சு தின்னுருதாவ. நாக்க அறுக்குறது வேற, சுருசுருங்கறது வேற, சுருசுருன்னா துப்பிருங்க.

சீசன் முடியுறதுக்கு முன்னாடி நெறைய வெட்டி ஃப்ரீசர்ல போட்டு வைக்கலாமா? எடுத்தா அப்படியே இருக்குமா?

வைக்கலாம், ஆனா தட்டுல வைக்கிற பழமா திரும்பி வராது. உறையும்போது சதைல இருக்குற தண்ணி ஐஸ் ஊசியாகி அந்த அறைச் சுவர கிழிச்சிரும், எளகுனதும் சாறு விட்டு தொளதொளன்னு ஆகும். ஜூஸ், லஸ்ஸி, கேசரி, மாம்பழப் புளிசேரி இதுக்கெல்லாம் ரொம்ப நல்லா இருக்கும்.

துண்ட ஈரம் ஒத்தி எடுத்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தட்டுல பரத்தி நாலு மணி நேரம் உறைய விட்டுட்டு பெறவு பைல போட்டு காத்த அமுக்கி எடுத்துட்டு கட்டுங்க. அப்படியே மொத்தமா பைல போட்டா ஒரே கல்லா போயிரும், தேவைக்கு ஒரு கை அள்ள முடியாது. பை மேல தேதி எழுதுங்க. கரண்டு நாலு மணி நேரத்துக்கு மேல போய் துண்டு எளகிருச்சுன்னா திருப்பி உறைய விடாம அன்னைக்கே ஜூஸ் போட்டுருங்க.